11.2 எங்கிருந்து வந்தது?

கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளில் மின்கட்டணம் என்பது முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் செலவு. அதனால்தான் பல ஆலைகள் சொந்தமாகக் காற்றாலை, சூரிய மின் நிலையம் என்று இறங்கிவிட்டன. அப்படி ஓர் ஆலை 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாகவே எடுத்துக்கொள்ளலாம். இன்று போட வேண்டிய முதல் 20 கோடி ரூபாய். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் பராமரிப்பு, வரி எல்லாம் போக ஆண்டுக்கு 2.6 கோடி கையில் நிற்கும். இது 20 ஆண்டுகளுக்கு வரும்.

கூட்டினால் 52 கோடி. 20 போட்டு 52 எடுப்பதற்கு யோசனை எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நிதிப் பிரிவு தயாரித்த முதலீட்டு முன்மொழிவில், இந்தத் திட்டத்தால் ஆலைக்குக் கிடைக்கும் நிகர ஆதாயம் 44 லட்சம் ரூபாய் மட்டுமே என்று இருக்கிறது. 32 கோடி வித்தியாசம் 44 லட்சமாகச் சுருங்கியதற்குக் காரணம், எக்செல் தாளின் ஒரே ஒரு கட்டத்தில் உள்ள எண்: 11.2 சதவீதம். நிதித் துறையினர் அதை டிஸ்கவுன்ட் ரேட், அதாவது தள்ளுபடி விகிதம் என்பார்கள்.

அடுத்த வருடம் வரப்போகும் நூறு ரூபாயும் இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் ஒன்றல்ல. இன்றைய நூறை வேறு எங்காவது போட்டிருந்தால் அது வளர்ந்திருக்கும். அடுத்த வருட நூறு வராமலும் போகலாம். எனவே எதிர்காலத்தில் வரும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு விகிதத்தில் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். 11.2 சதவீதத்தில் குறைத்தால் பத்தாம் ஆண்டில் வரும் 2.6 கோடியின் இன்றைய மதிப்பு 90 லட்சம். இருபதாம் ஆண்டில் வரும் அதே 2.6 கோடி வெறும் 31 லட்சம். இருபது ஆண்டுகளுக்கும் இப்படிக் கண்டு கூட்டினால் 20 கோடியே 44 லட்சம் வருகிறது. அதில் போட்ட 20 கோடியைக் கழித்தால் மிஞ்சுவதே அந்த 44 லட்சம். இதை நிகர தற்போதைய மதிப்பு என்கிறார்கள். அலுவலகப் பேச்சில் என்.பி.வி.

இப்போது அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். விகிதத்தை 10 என்று போட்டால் ஆதாயம் 2 கோடியே 14 லட்சமாக உயர்கிறது. 12 என்று போட்டால் 58 லட்சம் நஷ்டம். சூரிய ஒளி அதேதான், பலகைகள் அதேதான், மிச்சமாகும் மின்கட்டணமும் அதேதான். ஆனால் ஒரு திட்டம் நல்லதா இல்லையா என்ற தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது.

இந்த விகிதம் ஆலைக் கணக்கோடு நிற்பதில்லை. பருவநிலை மாற்றத்தைத் தடுக்க இன்றே எவ்வளவு செலவிடலாம் என்று 2006-ல் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் எழுதிய அறிக்கை சுமார் 1.4 சதவீத விகிதத்தைக் கையாண்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்தாஸ் அது மிகக் குறைவு என்று வாதிட்டு, சுமார் 5.5 சதவீதத்தை முன்வைத்தார். நூறு ஆண்டு கழித்து ஏற்படும் 100 ரூபாய் சேதத்தின் இன்றைய மதிப்பு முதல் விகிதத்தில் 25 ரூபாய். இரண்டாவதில் 50 பைசாவுக்கும் குறைவு. அறிவியல் தரவு எதுவும் மாறாமலேயே, உடனே செயல்படு என்பதும் கொஞ்சம் பொறு என்பதும் இந்த ஒரு எண்ணில் பிரிந்துவிட்டன.

நூற்பாலைக்குத் திரும்புவோம். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 138-வது பிரிவின்படி, பங்குச்சந்தையில் இல்லாத தனியார் கம்பெனியாக இருந்தாலும், ஆண்டு விற்றுமுதல் 200 கோடியை எட்டினாலோ வங்கிக் கடன் 100 கோடியைத் தாண்டினாலோ உள்தணிக்கையாளரை நியமித்தாக வேண்டும். நடுத்தர ஆலைகள் பலவும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். அப்படி நியமிக்கப்பட்டவர் 20 கோடி முதலீட்டு முன்மொழிவைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி: 11.2 எங்கிருந்து வந்தது?

அதற்கு நிதி ஆய்வாளர் அனுப்பும் பதில் மின்னஞ்சல் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதப்பட்டால் அதன் சாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய மேடம், சூரிய மின் திட்டத்துக்குக் கையாண்ட தள்ளுபடி விகிதத்தின் விவரம் கீழே.

1. விகிதம் 11.2 சதவீதம். இது வரிக்குப் பிந்தையது. பணவீக்கமும் இதில் அடங்கும். வரவுக் கணக்கும் அதே அடிப்படையில்தான் போடப்பட்டுள்ளது.

2. பங்கு மூலதனத்தின் செலவு 14.5 சதவீதம். பத்து ஆண்டு மத்திய அரசுக் கடன் பத்திரத்தின் ஈட்டு விகிதம் 6.8, அதன்மேல் பங்குச்சந்தைக்கான கூடுதல் ஆதாயம் 7, பீட்டா 1.1. ஈட்டு விகிதம் எடுத்த தேதியும் ஆவணமும் இணைப்பு 1-ல். பட்டியலில் உள்ள ஐந்து நூற்பாலைகளின் பீட்டா இணைப்பு 2-ல்.

3. கடனின் செலவு 9.5 சதவீதம், வங்கியின் அனுமதிக் கடிதம் இணைப்பு 3-ல். 25.17 சதவீத வருமான வரி போக 7.1.

4. பங்கு 55, கடன் 45 என்ற விகிதாசாரம், இயக்குநர் குழு ஏற்றுள்ள நீண்டகால இலக்கு.

5. திட்டம் நஷ்டத்துக்குத் திரும்பும் எல்லை 11.54 சதவீதம். நாம் எடுத்த விகிதத்துக்கும் அதற்கும் இடைவெளி மூன்றில் ஒரு புள்ளிதான்.”

கணக்கின் எலும்புக்கூடு இவ்வளவுதான். ஆலையை நடத்தும் பணத்தில் ஒரு பகுதி பங்குதாரர்களுடையது, மறுபகுதி வங்கியுடையது. பங்குதாரர் எதிர்பார்ப்பது அரசுப் பத்திரத்தில் ஆபத்தில்லாமல் கிடைக்கும் 6.8, அதோடு ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி. பங்குச்சந்தை முழுவதற்கும் அந்தக் கூலி 7 என்றால், சந்தையைவிடச் சற்று அதிகமாக ஆடும் நூற்பாலைத் தொழிலுக்கு அதை 1.1 ஆல் பெருக்குகிறார்கள். அந்த 1.1 தான் பீட்டா. வங்கிக்குக் கொடுக்கும் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பதால் 9.5 என்பது 7.1 ஆகிறது. 14.5-ல் 55 பங்கும் 7.1-ல் 45 பங்கும் சேர்த்தால் 11.2.

தணிக்கையாளர் முதலில் செய்வது, ஆய்வாளரிடம் எதுவும் கேட்காமல், இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அதே 11.2-ஐத் தானும் எட்ட முடிகிறதா என்று பார்ப்பது. பிறகு எக்செல் தாளைத் திறப்பார். அங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எக்செல்லின் NPV சூத்திரம், தனக்குக் கொடுத்த முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். B1-ல் விகிதம், B2-ல் இன்றைய செலவு (மைனஸ் 20 கோடி), அதற்குக் கீழே 20 ஆண்டு வரவு என்று இருந்தால், கீழே முதல் வரி சரி, இரண்டாவது தவறு:

```
=B2+NPV(B1,B3:B22)
=NPV(B1,B2:B22)
```

இரண்டாவது சூத்திரம் இன்று கொடுக்கும் 20 கோடியையும் ஓராண்டு தள்ளிப்போட்டு, 44 லட்சத்துக்குப் பதிலாக 39 லட்சம் என்று காட்டும். ஆதாயம் ஆதாயமாகவே இருப்பதால் யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் நகலெடுக்கப்பட்டு வரும் பிழை இது.

கூட்டல் கழித்தல் சரியாக இருந்தாலும் எண்களின் பொருள் சரியா என்பது அடுத்த கேள்வி. 6.8-ம் 7-ம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று தணிக்கையாளர் பார்ப்பது இதற்காகத்தான். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிதியியல் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நாடுவாரியாகப் பங்குச்சந்தைக் கூடுதல் ஆதாயத்தை வெளியிடுகிறார். உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைத்தான் எடுத்தாள்கிறார்கள். இந்தியாவுக்கான அவருடைய எண்ணில், இந்தியா என்ற நாட்டுக்கே உரிய ஆபத்தும் சேர்ந்திருக்கும். அதே காரணத்தால் அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதத்திலிருந்து அந்த ஆபத்துக்கான பங்கை அவர் முதலில் கழித்துவிடுகிறார்.

பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு கழிப்பதை மறந்துவிடுபவர்கள் ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை கூலி கேட்கிறார்கள். அந்தக் கழிவு இரண்டு புள்ளி என்று வைத்துக்கொண்டால், நமது ஆலையின் விகிதம் 1.1 புள்ளி வீங்கி 12.3 ஆகிவிடும். நல்ல திட்டம் நஷ்டத் திட்டமாகத் தெரியும். நமது ஆய்வாளர் 7 என்ற எண், அரசுப் பத்திரத்தின் முழு ஈட்டு விகிதத்துக்கு மேல் கணக்கிடப்பட்டது என்று இணைப்பில் எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் தணிக்கையாளரால் எந்தப் பக்கமும் சொல்ல முடியாது.

பீட்டாவைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். போடப்போவது சூரிய மின் நிலையம். பீட்டா ஏன் நூற்பாலையுடையது? இதற்கு நல்ல பதில் உண்டு. இந்த மின்சாரம் முழுவதும் ஆலையின் சொந்த உபயோகத்துக்கு. நூல் விற்பனை படுத்து ஸ்பிண்டில்கள் நின்றுவிட்டால், 2.6 கோடி மிச்சமும் அதோடு சுருங்கும். ஆகவே மின் நிலையத்தின் ஆபத்து ஆலையின் ஆபத்தோடு கட்டுண்டது. இதே நிலையம் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் நிலையான விலைக்கு வெளியே மின்சாரம் விற்பதாக இருந்தால் அந்தப் பதில் செல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழுக்கல் நான்காவது வரியில் இருக்கிறது: பங்கும் கடனும் எந்த விகிதாசாரத்தில்?

சூரிய மின் திட்டத்துக்கு வங்கி 70 சதவீதம் கடன் தரத் தயார் என்று வையுங்கள். திட்டத்தை எப்படியும் நடத்த வேண்டும் என்று விரும்பும் மேலாளர் ஒருவர், இந்தத் திட்டத்தில் கடன் 70, பங்கு 30 தானே, அதையே போடுங்கள் என்பார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். போட்டுப் பார்த்தால் விகிதம் 11.2-லிருந்து 9.3 ஆக இறங்கும். ஆதாயம் 44 லட்சத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்குத் தாவும். மலிவான கடனை அதிகம் வாங்கினால் திட்டமே லாபகரமாகிவிடும் என்பது போல ஒரு தோற்றம்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, வங்கி 70 சதவீதம் தருவது சூரியப் பலகைகளை மட்டும் நம்பியா என்பது. பெரும்பாலும் ஆலையின் நிலமும் இயந்திரங்களும் பிணையாக நிற்கின்றன. ஆலையின் கடன் வாங்கும் திறனில் ஒரு பகுதியை இந்தத் திட்டம் தின்றுவிடுகிறது. அடுத்த வருடம் புதிய ஸ்பின்னிங் இயந்திரம் வாங்கப் போகும்போது வங்கி அதற்கேற்பக் கையைச் சுருக்கும். அந்தச் செலவை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டுச் சூரியத் திட்டம் மட்டும் மலிவு விகிதத்தை அனுபவிக்க முடியாது.

இரண்டாவது ஓட்டை கணக்கிலேயே இருக்கிறது. கடன் கூடினால் பங்குதாரரின் ஆபத்தும் கூடும். வருமானத்தில் முதலில் வட்டி போகும், மிச்சம்தான் அவருக்கு. 45 சதவீதக் கடனில் 1.1 ஆக இருக்கும் பீட்டா 70 சதவீதக் கடனிலும் அப்படியே இருக்காது. ஐந்து ஆலைகளின் பீட்டாவிலிருந்து கடனின் தாக்கத்தைப் பிரித்தெடுத்து, 70:30-க்கு ஏற்ப மறுபடி ஏற்றினால் அது சுமார் 1.87 வரும். பங்கு மூலதனத்தின் செலவு 14.5-லிருந்து கிட்டத்தட்ட 20 சதவீதமாக உயரும். இந்தப் புதிய எண்ணோடு 70:30-ஐப் போட்டால் விகிதம் 10.95. ஆதாயம் 77 லட்சம். கடனை 45-லிருந்து 70-க்கு ஏற்றியதில் உண்மையாகக் கிடைத்தது கால் புள்ளிதான். அதுவும் வட்டிக்கான வரிச்சலுகையால் வந்தது. மீதித் தாவல் முழுவதும் ஒரு எண்ணை மாற்றிவிட்டு அதோடு மாறவேண்டிய இன்னொரு எண்ணை மாற்றாமல் விட்டதன் விளைவு.

விகிதாசாரத்தைத் தொட்டவர் பீட்டாவையும் தொட்டாரா என்று பார்த்தால் தணிக்கையாளருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பணவீக்கம் பற்றிய வரியும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. ஆண்டுக்கு 2.6 கோடி என்பது 20 ஆண்டும் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. இது இன்றைய விலைவாசியில் சொல்லப்பட்ட தொகையா, அந்தந்த ஆண்டில் கையில் உண்மையில் வரும் தொகையா? இன்றைய விலைவாசியில் என்றால், பணவீக்கம் நீக்கிய விகிதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதத்தை நீக்கினால் 11.2 என்பது 6.9 ஆகும், ஆதாயம் ஏழரைக் கோடிக்கு மேல் போய்விடும். அந்தந்த ஆண்டின் தொகை என்றால் 11.2 சரி.

இரண்டில் எது என்பதை வரவுக் கணக்கை ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மின்கட்டணம் சற்று உயரும் என்று ஆய்வாளர் கொண்டிருக்கிறார். பலகைகளின் உற்பத்தி ஆண்டுதோறும் கொஞ்சம் தேய்வதும், பராமரிப்புச் செலவும் மின்வாரியத்தின் கம்பிவழிக் கட்டணங்களும் ஏறுவதும் அந்த உயர்வைச் சாப்பிட்டுவிடும் என்று கணித்திருக்கிறார். ஆகவே 2.6 கோடி என்பது கையில் வரும் உண்மைத் தொகை. மின்கட்டணம் உயரவே உயராது என்று பயந்து வரவையும் குறைத்து, ஆபத்து அதிகம் என்று விகிதத்தையும் கூட்டியிருந்தால், ஒரே பயம் கணக்கில் இரண்டு முறை ஏறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் இந்தப் பிரிப்புதான் உதவும்.

இத்தனைக்குப் பிறகும், 11.2 சரியான எண் என்று தணிக்கையாளர் சான்று தருவதில்லை. அது அவர் வேலையும் அல்ல. 7 சதவீதக் கூடுதல் ஆதாயத்தை இன்னொரு நல்ல ஆய்வாளர் 6.5 என்பார், வேறொருவர் 7.5 என்பார். இருவரிடமும் காரணம் இருக்கும். அந்த அரைப் புள்ளியே விகிதத்தை 0.3 நகர்த்திவிடும், நமது திட்டத்தில் மிச்சமிருக்கும் இடைவெளியும் அவ்வளவுதான். தணிக்கையாளர் உறுதிசெய்ய முயல்வது வேறொன்று: விகிதம் முதலில் வந்ததா, விடை முதலில் வந்ததா?

நமது ஆலையில் புதிய முதலீடுகளுக்கெல்லாம் 12 சதவீதம் என்று இயக்குநர் குழு முன்னொரு நாள் ஒரு பொது வரம்பு வைத்திருந்தது என்று கொள்வோம். 12-ல் இந்தத் திட்டம் 58 லட்சம் நஷ்டம். ஆய்வாளர் 11.2-க்கு வந்தது எப்போது? எக்செல் கோப்பின் பழைய பதிப்புகளில் முதலில் 12 இருந்து, நஷ்டம் தெரிந்த பிறகு கடன் வட்டி, பீட்டா, விகிதாசாரம் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே திசையில் நகர்ந்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே நல்ல காரணம் இருந்தாலும் தணிக்கையாளர் நிறுத்திக் கேட்பார். அதனால்தான் நல்ல மின்னஞ்சலில் பழைய 12-ம் இருக்கும். அது எப்போது, எந்த வட்டி நிலவரத்தில் வைக்கப்பட்டது, இப்போது ஏன் விலக வேண்டியிருக்கிறது, விலகலுக்கு யார் ஒப்புதல் தந்தார், எந்தத் தேதியில் என்ற விவரங்கள் இருக்கும். ஒப்புதல் தேதி என்.பி.வி. கணக்குக்கு முந்தையதாக இருந்தால் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஐந்தாவது வரியை எழுதத்தான் ஆய்வாளருக்கு மனம் வேண்டும். திட்டம் நஷ்டமாக மாறும் எல்லை 11.54 என்று சொல்வது, தன் பரிந்துரை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தானே காட்டுவதற்குச் சமம். எழுதாமல் விட்டாலும் பொய்யாகாது. 44 லட்சம் ஆதாயம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரி இல்லாத முன்மொழிவைப் படிக்கும் இயக்குநர், 44 லட்சத்தைத் திட்டமான லாபமாக எடுத்துக்கொள்வார். வரி இருந்தால், விகிதத்தின் ஒவ்வொரு உறுப்பையும் பற்றி இவ்வளவு விவாதித்தது ஏன் என்று அவருக்கே புரியும்.

இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் தணிக்கைக் குறிப்பு திட்டத்தை நிராகரிக்காது. விகிதம் மீண்டும் எட்டக்கூடியது, ஆதாரங்கள் உள்ளன, பழைய வரம்பிலிருந்து விலகியதற்கு ஒப்புதல் இருக்கிறது, முடிவு மிக நெருக்கமானது என்று எழுதி, 11.2, 12 இரண்டிலும் கணக்கை இயக்குநர் குழு முன் வைக்கச் சொல்லும். அதன் பிறகு குழுவின் பார்வை விகிதத்தை விட்டு வரவின் பக்கம் திரும்பும். ஆண்டு வரவு 2.6 கோடியில் 5.6 லட்சம் குறைந்தாலே 44 லட்சமும் கரைந்துவிடும். அது நிலையத்தின் எட்டு நாள் வரவு. இன்வெர்ட்டர் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்து தருவதாக ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் குழு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.